நெஞ்சுவலிக்கு இரண்டாவது ட்ரோபோனின் எப்போது, எப்படிப் படிப்பது: கேஷுவாலிட்டிக்குப் புதிதாக வரும் டியூட்டி டாக்டருக்கு

மதுரைக்கு வெளியே ஒரு நடுத்தர மருத்துவமனையில் நான் இரவு டியூட்டி பார்க்கத் தொடங்கிய முதல் வருடம். திருமங்கலம் பக்கமிருந்து ஒரு அம்மா நெஞ்சு அழுத்தத்தோடு வந்தார். ஈசிஜியில் பெரிதாக ஒன்றும் இல்லை. முதல் ட்ரோபோனின் 8, இரண்டாவது 10. ஒரு மணி நேரத்தில் இரண்டுதான் கூடியிருக்கிறது, வீட்டுக்கு அனுப்பலாம் என்று கேஸ் ஷீட்டில் எழுதிவிட்டேன். அப்போது சீனியர் சிஸ்டர் ஒருவர் தன் நோட்டைக் கொண்டுவந்து காட்டினார். "டாக்டர், ரெக்வெஸ்ட் போட்டது பத்து அம்பதுக்கு. வெயின் கிடைக்காம நாங்க ரத்தம் எடுத்தது பதினொண்ணு இருபதுக்கு. ரெண்டாவது பதினொண்ணு அம்பதுக்கே எடுத்தாச்சு" என்றார். நான் ஒரு மணி நேரம் என்று நினைத்தது உண்மையில் அரை மணி நேரம். 12:20க்கு மறுபடி எடுத்தோம். 16 வந்தது. அந்த அம்மாவுக்கு வந்திருந்தது மாரடைப்புதான்.

அந்த நோட்டு இல்லாவிட்டால் அவர் ஆட்டோவில் வீட்டுக்குப் போயிருப்பார். அதற்குப் பிறகு நான் கற்றுக்கொண்டதை, நீங்கள் முதல் வாரத்திலேயே தெரிந்துகொள்ள வேண்டும் என்று எழுதுகிறேன். இங்கே சொல்லும் வரம்புகள் ஐரோப்பிய இதயநோய்ச் சங்கத்தின் 2023 வழிகாட்டுதலில் உள்ளவை. உங்கள் மருத்துவமனைக்கென்று எழுதிவைத்த நெறிமுறை இருந்தால் அதுதான் முதலில்.

## 1. ட்ரோபோனினுக்கு முன்னால் ஈசிஜி

வந்த பத்து நிமிடத்துக்குள் ஈசிஜி எடுத்து, அதை நீங்களே கண்ணால் பார்த்திருக்க வேண்டும். எஸ்டி உயர்ந்த மாரடைப்பு தெரிந்தால் ட்ரோபோனினுக்காக ஒரு நிமிடம்கூடக் காத்திருக்கக் கூடாது. ரத்தம் எடுத்து வைத்துக்கொள்ளலாம், ஆனால் முடிவு அதற்காக நிற்காது. உடனே கேத் லேப் உள்ள இடத்துக்கு ஏற்பாடு செய்யுங்கள்.

இந்தக் கட்டுரை முழுக்க மற்றவர்களைப் பற்றியது. ஈசிஜியில் தெளிவாக ஒன்றும் இல்லை, ரத்த அழுத்தம் சரியாக இருக்கிறது, ஆனால் வலி நெஞ்சில் என்கிறார்கள். "கேஸ்தான் டாக்டர், சோடா குடிச்சேன், கொஞ்சம் பரவாயில்ல" என்று சொல்லி வருபவர்கள் பெரும்பாலும் இந்தக் கூட்டத்தில்தான் இருப்பார்கள். சோடாவில் வலி குறைந்ததை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

## 2. உங்கள் லேபில் ஓடுவது எந்த ட்ரோபோனின்?

இதைப் பகலில், நோயாளி இல்லாத நேரத்தில், லேபுக்கு நேரில் போய்க் கேளுங்கள். இரவு இரண்டு மணிக்கு போனில் கேட்டால் பதில் கிடைக்காது.

முதலில் கேட்க வேண்டியது, இது அட்டையா மெஷினா என்பது. சின்ன ஊர்களில் பெரும்பாலும் ஒரு அட்டையில் ரத்தத்தைச் சொட்டி, கோடு விழுகிறதா என்று பார்ப்பார்கள். பாசிட்டிவ், நெகட்டிவ் என்று மட்டும் சொல்லும் இந்த அட்டையை வைத்து ஒரு மணி நேரக் கணக்கைப் போடவே முடியாது. தொடக்க நேரத்தில் வரும் சிறு உயர்வு அதன் கண்ணுக்குத் தெரியாது. உசிலம்பட்டியிலிருந்தோ மேலூரிலிருந்தோ அட்டை நெகட்டிவ் என்ற சீட்டோடு வருபவரை, ட்ரோபோனினே எடுக்காதவராக நினைத்துத் தொடங்குங்கள். மெஷினில் எண் வந்தாலும் அது பழைய வகை என்றால் மூன்று முதல் ஆறு மணி நேரம் கழித்துத்தான் இரண்டாவது எடுக்க வேண்டும். ஒரு மணி நேரத்தில் முடிவு சொல்ல உயர் உணர்திறன் வகை வேண்டும். ஆரோக்கியமானவர்களிலேயே பாதிப் பேருக்கு மேல் ஒரு எண்ணைக் காட்டும் அளவுக்கு அது நுட்பமானது.

அடுத்து, ட்ரோபோனின் டி-யா, ஐ-யா? எந்த கம்பெனி மெஷின்? வரம்புகள் கிட்டுக்குக் கிட்டு மாறும். ரோஷ் நிறுவனத்தின் எலெக்சிஸ் டி கிட்டில் ஒரு மணி நேரத்தில் 5 கூடினால் மாரடைப்புப் பக்கம். அபாட் ஆர்கிடெக்ட் ஐ கிட்டில் அதே முடிவுக்கு 6 கூட வேண்டும். முதல் எண்ணிலேயே மாரடைப்புப் பக்கம் தள்ளும் வரம்பு ஒன்றில் 52, இன்னொன்றில் 64. அதனால் வெளி லேபில் எடுத்த முதல் எண்ணையும் உங்கள் லேபின் இரண்டாவது எண்ணையும் கழித்துப் பார்க்கவே கூடாது. இரண்டும் ஒரே மெஷினில் ஓடியிருக்க வேண்டும். இனி இந்தக் கட்டுரையில் வரும் எண்கள் எல்லாம் எலெக்சிஸ் டி கிட்டுக்கு உரியவை.

மூன்றாவது, அலகு. `ng/L` என்றாலும் `pg/mL` என்றாலும் ஒரே எண்தான். `ng/mL` என்று இருந்தால் ஆயிரத்தால் பெருக்க வேண்டும். 0.014 என்பது 14. இதில் ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது. சில லேபுகளின் சாஃப்ட்வேர் `ng/mL` அலகில் இரண்டு தசம இடங்களோடு நிறுத்திவிடும். அப்போது 9 என்பதும் 0.01, 13 என்பதும் 0.01. நடுவில் நடந்த ஏற்றம் காகிதத்தில் காணாமல் போய்விடும். உங்கள் லேபில் இப்படி அச்சாகிறது என்றால், மெஷின் திரையில் வரும் முழு எண்ணை டெக்னீஷியனிடம் கேட்டு வாங்குங்கள். அப்புறம் நிர்வாகத்திடம் சொல்லி அதை மாற்றவும் செய்யுங்கள்.

## 3. நான்கு நேரங்களை எழுதுங்கள்

கேஸ் ஷீட்டின் மேல் ஓரத்தில் நான்கு நேரங்கள் வேண்டும்: வலி தொடங்கிய நேரம், ஈசிஜி எடுத்த நேரம், முதல் ரத்தம் எடுத்த நேரம், இரண்டாவது ரத்தம் எடுத்த நேரம்.

பூஜ்யம் என்பது முதல் ரத்தம் ஊசியில் ஏறிய நிமிடம். நோயாளி வாசலுக்கு வந்த நேரம் அல்ல, நீங்கள் ரெக்வெஸ்ட் போட்ட நேரம் அல்ல, லேபில் என்ட்ரி போட்ட நேரமும் அல்ல. ரிப்போர்ட்டில் அச்சாகும் நேரங்களில் எது ரத்தம் எடுத்த நேரம் என்பது பல இடங்களில் தெளிவாக இருக்காது. நான் ஏமாந்தது அங்கேதான். ட்யூப் ஸ்டிக்கரிலேயே எடுத்த நேரத்தைப் பேனாவால் எழுதச் சொல்லுங்கள். முதல் ரத்தம் எடுத்ததும், சரியாக ஒரு மணி நேரம் கழித்து அடிக்கும்படி போனில் அலாரம் வையுங்கள். முதல் ரிப்போர்ட் வரட்டும், அப்புறம் பார்த்து இரண்டாவது எடுக்கலாம் என்று காத்திருக்காதீர்கள். ரிப்போர்ட் வருவதற்கே பல நேரம் ஒரு மணி நேரம் ஆகும்.

வலி தொடங்கிய நேரத்தை இரண்டு விதமாகக் கேளுங்கள். "எப்ப இருந்துய்யா வலிக்குது?" என்றால் "காலையில இருந்து" என்பார்கள். "வலி வந்தப்ப என்ன செஞ்சுக்கிட்டு இருந்தீங்க?" என்று கேட்டால் சரியான மணி கிடைக்கும். விட்டுவிட்டு வந்த வலி என்றால், கடைசியாக, கூடுதலாக வந்த வலியின் நேரத்தையும் தனியாக எழுதுங்கள்.

சொந்த மெஷின் இல்லாமல் பைக்கில் வெளி லேபுக்கு ட்யூப் அனுப்பும் மருத்துவமனைகள் நம் பக்கம் நிறைய. அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் கோரிப்பாளையம் பக்கம் பைக் நகராது. ரிப்போர்ட் தாமதமானாலும் ரத்தம் எடுத்த நேரம் சரியாக இருந்தால் கணக்கு கெடாது. முடிவுதான் தள்ளிப்போகும். ஆனால் இரண்டு ட்யூபும் ஒரே நிறமாக இருக்க வேண்டும். முதலில் ஹெப்பாரின் ட்யூப், பிறகு சீரம் ட்யூப் என்று மாற்றாதீர்கள். சீரம் ட்யூப் என்றால் ரத்தம் முழுதாக உறைந்த பிறகே சுழற்ற வேண்டும். அவசரத்தில் பாதி உறைந்ததைச் சுழற்றினால் நார் போல ஃபைப்ரின் நின்று, இல்லாத உயர்வைக் காட்டலாம். கஷ்டப்பட்டு உறிஞ்சி, சிவந்துபோன சாம்பிளில் டி கிட் எண்ணைக் குறைத்துக் காட்டக்கூடும். இரண்டில் ஒன்று சிவந்திருக்கிறது என்று டெக்னீஷியன் சொன்னால் புதிதாக எடுங்கள், அந்தப் புதிய நேரத்தை எழுதுங்கள்.

ஒரு மணியைத் தவறவிட்டு ஒன்றரை மணி ஆகிவிட்டதா? தோராயமாகக் கணக்குப் போடாதீர்கள். வரம்புகள் ஒரு மணிக்கும் இரண்டு மணிக்கும் தனித்தனியாகச் சோதிக்கப்பட்டவை. சரியாக இரண்டு மணிக்கு எடுத்து இரண்டு மணி வரம்பைப் பயன்படுத்துங்கள். அதில் முதல் எண் 14-க்குக் கீழ், வித்தியாசம் 4-க்குக் கீழ் என்றால் மாரடைப்பு இல்லை என்ற பக்கம். வித்தியாசம் 10 அல்லது அதற்கு மேல் என்றால் மாரடைப்புப் பக்கம்.

## 4. முதல் எண் மட்டும் போதுமான இரண்டு சந்தர்ப்பங்கள்

முதல் எண் 5-க்குக் கீழ் இருந்து, வலி தொடங்கி மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தால், இரண்டாவது எடுக்காமலேயே மாரடைப்பு இல்லை என்று சொல்லலாம். இரண்டு நிபந்தனைகளும் சேர்ந்து இருக்க வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு முன் வலி வந்தவருக்கு 4 வந்தால் அதற்கு ஒரு அர்த்தமும் கிடையாது. இதயத் தசை சிதைந்து, அதில் உள்ள ட்ரோபோனின் ரத்தத்தில் கலந்து சேர நேரம் எடுக்கும்.

மறுபக்கம், முதல் எண்ணே 52 அல்லது அதற்கு மேல் என்றால் அட்மிட் செய்து இதய மருத்துவரிடம் பேசுங்கள். இரண்டாவதையும் எடுங்கள், அது ஏறுகிறதா இறங்குகிறதா என்று தெரிய வேண்டும். 52 என்பதே மாரடைப்பு என்று எழுதிவிடாதீர்கள். இதயத் தசை அழற்சி, நுரையீரல் ரத்தக்குழாய் அடைப்பு, நீண்டநேர வேகத் துடிப்பு, இதயச் செயலிழப்பு எல்லாம் இந்த எண்ணைத் தரும்.

## 5. இரண்டாவது எண்: கழித்தல் மட்டும்

முதல் எண் 12-க்குக் கீழ், ஒரு மணி நேர வித்தியாசம் 3-க்குக் கீழ். இரண்டும் சேர்ந்தால் மாரடைப்பு இல்லை என்ற பக்கம். வித்தியாசம் 5 அல்லது அதற்கு மேல் என்றால், முதல் எண் எவ்வளவு சின்னதாக இருந்தாலும் மாரடைப்புப் பக்கம். இரண்டிலும் சேராதவர்கள் நடுவில் நிற்கிறார்கள்.

இங்கே சதவீதம் வேண்டாம். 4 என்பது 6 ஆனால் ஐம்பது சதவீதம் கூடியது போலத் தெரியும், ஆனால் 2 மட்டுமே கூடியிருக்கிறது. அந்த அளவு ஆட்டம் மெஷினிலேயே உண்டு. இன்னொரு பழக்கத்தையும் விட வேண்டும். ரிப்போர்ட்டில் எண்ணுக்குப் பக்கத்தில் நட்சத்திரம் இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பது. அந்த நட்சத்திரம் 14-ஐத் தாண்டினால்தான் விழும். ஆரோக்கியமானவர்களில் 99 சதவீதம் பேர் அதற்குள் இருப்பார்கள் என்று வைத்த கோடு அது. ஒரு மணி நேரத்தில் முடிவு சொல்ல நாம் பார்ப்பது அந்தக் கோட்டை மட்டும் அல்ல, அதை நோக்கி ஏறுகிறதா என்பதையும்தான்.

மாரடைப்பு இல்லை என்று வந்தாலும், ஓய்வில் வலி தொடர்ந்தால், ஈசிஜி மாறினால், முதுகுக்குப் பாயும் கிழிக்கும் வலி என்றால் எண்ணை ஒதுக்கிவிட்டு நோயாளியைப் பாருங்கள். நிலையற்ற ஆஞ்சைனாவிலும் பெருந்தமனிக் கிழிசலிலும் ட்ரோபோனின் சாதாரணமாகவே இருக்கலாம்.

## 6. நடுவில் நிற்பவர்: ஒரு கேஸ்

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் மூட்டை இறக்கும் ஒருவர், வயது ஐம்பதுகளின் நடுவில். அவரை அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். அதிகாலை 4:30-க்கு மல்லிகை மூட்டை இறக்கும்போது நெஞ்சில் இறுக்கம். டீக்கடையில் உட்கார்ந்து, கூட வேலை பார்ப்பவர்கள் வற்புறுத்தி, 6:00 மணிக்கு வந்தார். 6:07-க்கு ஈசிஜி, சொல்லும்படி ஒன்றும் இல்லை. 6:15-க்கு முதல் ரத்தம். எண் 9.

வலி தொடங்கி முதல் ரத்தம் வரை 1 மணி 45 நிமிடம். ஆகவே முதல் எண்ணை மட்டும் வைத்து அனுப்பும் வழி அவருக்கு இல்லை, எண்ணும் 5-க்குக் கீழ் இல்லை. 7:15-க்கு இரண்டாவது. எண் 13. வித்தியாசம் 4.

இரண்டு ரிப்போர்ட்டிலும் நட்சத்திரம் இல்லை. வலியும் குறைந்துவிட்டது. மகன் கேட்டார்: "ரெண்டு தடவையும் நார்மல்னுதான சார் போட்டிருக்கு? அப்பாவக் கூட்டிட்டுப் போகலாமா?" கேட்டது நியாயம்தான். காகிதம் அப்படித்தான் சொல்கிறது. இரண்டு தசம இடத்தோடு அச்சடிக்கும் லேபாக இருந்திருந்தால் எனக்கே 0.01, 0.01 என்று வந்திருக்கும். ஆனால் 4 என்பது 3-க்குக் கீழும் இல்லை, 5-ஐத் தொடவும் இல்லை. அவர் நடுவில் நிற்கிறார். "இன்னும் முடிவு வரலைங்க. ரெண்டு மணி நேரம் இருங்க, மூணாவது ஒண்ணு எடுத்துட்டுப் பேசுவோம்" என்று சொன்னேன்.

நடுவில் நிற்பவருக்குச் செய்ய வேண்டியது முதல் ரத்தத்திலிருந்து மூன்று மணி நேரத்தில் மூன்றாவது ரத்தம், கூடவே எக்கோ. காத்திருக்கும் நேரத்தில் ஈசிஜியைத் திரும்ப எடுங்கள், வலி திரும்பினால் உடனே எடுங்கள். முதுகுப் பக்கம் வைக்கும் V7, V8, V9 லீடுகளையும் எடுங்கள். இதயத்தின் பின்பக்கச் சுவரில் நடப்பதை வழக்கமான பன்னிரண்டு லீடுகள் பல நேரம் காட்டாது. அவருக்கு 7:40-க்கு எடுத்த ஈசிஜியும், முதுகு லீடுகளும் மாறவில்லை. மானிட்டரில் வைத்திருந்தோம், வார்டுக்கு அனுப்பவில்லை.

9:15-க்கு மூன்றாவது ரத்தம். எண் 31.

இப்போது 14-ஐத் தாண்டியாயிற்று, மூன்று மணி நேரத்தில் 22 ஏறியிருக்கிறது, கூடவே மாரடைப்புக்குரிய வலியும் இருந்தது. 2018 சர்வதேச வரையறைப்படி மாரடைப்பு என்று சொல்ல எல்லாம் சேர்ந்துவிட்டன. எக்கோவில் பக்கவாட்டுச் சுவரின் அசைவு குறைந்திருந்தது. அடுத்த நாள் ஆஞ்சியோவில் சர்கம்ஃப்ளெக்ஸ் குழாயில் அடைப்பு. பக்கவாட்டையும் பின்பக்கத்தையும் ஊட்டும் குழாய் அது. ஈசிஜி பேசாமல் இருந்ததற்குக் காரணமும் அதுதான்.

## 7. எண் ஏற்கெனவே உயர்ந்திருப்பவர்கள்

டயாலிசிஸ் செய்பவருக்கு முதல் எண்ணே 60, 70 என்று வருவது அபூர்வமல்ல. 68, ஒரு மணியில் 69, மூன்று மணியில் 70 என்றால் அது திடீரென வந்த சேதம் அல்ல, நாள்பட்ட உயர்வு. தொடக்க எண்ணே உயர்ந்திருப்பவருக்கு 20 சதவீதத்துக்கு மேல் மாறினால்தான் புதிய சேதம் என்று பார்க்கிறோம். சதவீதத்தை எடுப்பது இங்கே மட்டும். அவருடைய பழைய ட்ரோபோனின் ரிப்போர்ட் ஒன்று கையில் இருந்தால், அதுவும் இதே கிட்டாக இருந்தால், பாதி வேலை முடிந்தது.

ஆனால் ஒரே மாதிரி நிற்கும் உயர்ந்த எண்ணைச் சிறுநீரகத்தின் தலையில் கட்டுவதற்கு முன், வலி எப்போது வந்தது என்று மறுபடி கேளுங்கள். நேற்று இரவு வலி வந்து இன்று மதியம் வருபவரின் ட்ரோபோனின் ஏறி முடித்து, உச்சியில் நின்றுகொண்டிருக்கலாம். அப்போது ஒரு மணி நேரத்தில் பெரிய மாற்றம் தெரியாது. 410, பிறகு 415 என்பது அவருக்கு நிம்மதி தரும் எண் அல்ல. டி வகை மாரடைப்புக்குப் பிறகு பத்து நாளுக்கு மேலும் ரத்தத்தில் நிற்கும்.

இன்னொரு சின்ன விஷயம். முடி உதிர்வுக்கு பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறாரா என்று கேளுங்கள். அதிக அளவில் சாப்பிட்டால் டி கிட்டின் பழைய பதிப்புகளில் எண் குறைந்து வரும். உங்கள் லேபில் எந்தப் பதிப்பு என்பது கிட்டோடு வரும் தாளில் இருக்கும்.

## 8. பணமும் காகிதமும்

முதல் ரத்தம் எடுக்கும்போதே குடும்பத்திடம் சொல்லிவிடுங்கள்: இது ஒரு டெஸ்ட் அல்ல, இரண்டு, சிலருக்கு மூன்று. நான் இருந்த மருத்துவமனையில் ஒரு முறைக்கு 1,300 ரூபாய் வாங்கினார்கள். மூன்று முறைக்கு 3,900, எக்கோ தனி. முதலில் சொல்லாவிட்டால், இரண்டாவது பில் வரும்போது "எதுக்கு அதே டெஸ்ட்ட மறுபடி எடுக்குறீங்க?" என்று சந்தேகம் வரும், சிலர் எழுந்து போய்விடுவார்கள். "ஒரு தடவை எடுத்தா இப்ப எவ்வளவுன்னு மட்டும் தெரியும். ஏறுதா நிக்குதான்னு தெரிய இன்னொண்ணு வேணும்" என்று சொன்னால் யாருக்கும் புரிகிறது. இன்ஷூரன்ஸ் இருக்கிறது என்பவர்களிடம், நாலைந்து மணி நேரம் மட்டும் வைத்துப் பார்த்துவிட்டு அனுப்பினால் பல பாலிசிகளில் பணம் வராது, பெரும்பாலும் 24 மணி நேர அட்மிஷன் கேட்பார்கள் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

வீட்டிலிருந்து யாராவது வருவதாக இருந்தால் மூன்று காகிதம் கேளுங்கள்: பழைய ஈசிஜி, கடைசி டிஸ்சார்ஜ் சம்மரி, சமீபத்திய கிரியேட்டினின் ரிப்போர்ட். வாட்ஸாப்பில் படம் அனுப்பச் சொன்னாலும் போதும்.

வீட்டுக்கு அனுப்பினாலும் வேறு மருத்துவமனைக்கு அனுப்பினாலும், சீட்டில் "ட்ரோபோனின் நார்மல்" என்று மட்டும் எழுதாதீர்கள். அடுத்துப் பார்ப்பவருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. நான் எழுதுவது இப்படி:

வலி 4:30. ஈசிஜி 6:07, 7:40.
எலெக்சிஸ் டி, `ng/L`: 6:15-க்கு 9, 7:15-க்கு 13, 9:15-க்கு 31.
ஹெப்பாரின் ட்யூப். கிரியேட்டினின் 1.0.

பூ மார்க்கெட்காரரோடு ஆம்புலன்ஸில் போனது இந்த மூன்று வரிதான். அங்கே இருந்த இதய மருத்துவர் போனில் என்னிடம் வேறு எதுவும் கேட்கவில்லை.